மெழுகாமல் விட்ட விரிசல்

வேலாயியோடு ஒரு சண்டையாவது போடாதவர்கள் கீழ் லயத்தில் யாருமில்லை. ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும் வரிசை, கீரைப்பாத்தியில் புகுந்த கோழி, யாரோ நகர்த்தி வைத்த விறகுக்கட்டு, எதற்கும் அவளிடம் ஒரு சொல் இருக்கும். கொழுந்து பறிப்பதில் அவள் கை சுமார்தான். பாட மாட்டாள். சாமியாட மாட்டாள். நாற்பத்திரண்டு வயதுவரை அவளைப் பற்றிச் சொல்வதற்கு இதற்கு மேல் எதுவும் இருக்கவில்லை. 1963ஆம் வருடம் ஆனி மாதம் பன்னிரண்டு குடும்பங்களின் அறுபத்தொரு உயிர்கள் அவளுடைய பிடிவாதம் ஒன்றை நம்பி நின்றன. அந்தப் பிடிவாதம் நல்ல குணத்திலிருந்து வந்ததா, கெட்ட குணத்திலிருந்து வந்ததா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை.

வெள்ளைப்பாறைத் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் மேலே இருக்கிறது. அதன் கீழ் லயம் சரிவின் நடுவில் குறுக்காகப் போட்ட ஒரு கோடு மாதிரி நின்றது. வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், தகரக் கூரை, கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், மண் தரை. லயத்துக்கு மேலே எண்பது கெஜம் தேயிலை, அதற்கும் மேலே கொழுந்து லொறி போகிற தோட்டத்து ரோடு. வாசலுக்கு முன்னால் சரிவைத் தாங்க ஒரு கல்லுக்கட்டு. அதற்குக் கீழே மரக்கறிப் பாத்திகள், ஓடை, ஓடைக் கரையில் மாரியம்மன் கோயில். ஆறாம் காம்பராவில் வேலாயியும் அவள் புருஷன் ஆண்டியப்பனும் இருந்தார்கள். ஏழாம் காம்பராவில் அவர்கள் மகள் பூரணி தன் புருஷன் அழகனோடும் மாமியார் அம்மாக்கண்ணுவோடும் இருந்தாள். பூரணி நிறைமாதம்.

வெள்ளிக்கிழமை தோறும் லயத்துப் பெண்கள் தரையையும் சுவரின் அடிப்பகுதியையும் செம்மண்ணும் சாணமும் குழைத்து மெழுகுவார்கள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, நனைந்த கம்பளியை மாட்டிய கையோடு, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஒருத்தியின் தரை வெடித்துக் கிடந்தால் அவளுடைய சோம்பல் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் வெடிப்பு கண்டவள் அதை யாரிடமும் சொல்லுவதில்லை. வெள்ளிக்கிழமை வரை சாக்கைப் போட்டு மறைப்பாள், பிறகு மெழுகுவாள்.

வைகாசி மாதம் வேலாயியின் தரையில், வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவே, சுவருக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடியது. அவள் மெழுகினாள். அடுத்த வெள்ளியும் அதே இடத்தில் அதே வெடிப்பு. திரும்பவும் மெழுகினாள். மூன்றாவது வெள்ளி, சாணக் கையோடு குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள்.

மெழுகு காய்ந்து வெடிப்பதை அவள் முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறாள். அது வலை மாதிரி நாலாபக்கமும் மெல்லியதாக வெடிக்கும். இதுவோ ஒரே கோடு. கையால் தடவினால் வாசல் பக்கத்து விளிம்பு அடுப்புப் பக்கத்தைவிட அரை விரல் தாழ்ந்திருந்தது. காய்ந்து வெடித்த தரை ஒரு பக்கம் இறங்குவதில்லை.

அவள் மகள் காம்பராவுக்குப் போய்ச் சாக்கைத் தூக்கினாள். அதே கோடு அங்கேயும் போனது. எட்டாம் காம்பரா நாகலெட்சுமியுடையது. வேலாயி வாசலில் நின்று, "சாக்கக் கொஞ்சம் தூக்கு, நாகலெட்சுமி," என்றாள்.

"எதுக்காம்?"

"தரையப் பாக்கணும்."

"ஏன்க்கா, ஒன் வீட்டுல தரை இல்லையா? இல்ல, நான் மெழுகுற லச்சணத்தப் பாத்து ஊரெல்லாம் சொல்லப் போறியா?"

"ஒன் மெழுகு நல்லாத்தான் இருக்கு. தூக்குடீ."

"தூக்க மாட்டேன்."

வேலாயி காலாலேயே சாக்கைத் தள்ளிவிட்டாள். அங்கும் கோடு. நாகலெட்சுமி போட்ட சத்தம் மேல் லயம் வரை கேட்டது. ஆனால் மற்ற காம்பராக்களிலும் புகுந்து பார்த்த வேலாயி அன்றைக்கு அறிந்துகொண்டாள்: ஐந்தாம் காம்பராவிலிருந்து ஒன்பதாம் காம்பரா வரை ஒரே வெடிப்பு. ஐந்து பெண்கள் ஐந்து சாக்குகளைப் போட்டு அதை ஐந்து துண்டாக மறைத்து வைத்திருந்தார்கள். துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க அவர்களுடைய மானம் இடங்கொடுக்கவில்லை. மானத்தைப் பற்றிப் பலரும் உயர்வாகப் பேசுகிறார்கள். அது கண்ணைக் கட்டுவதை அந்த லயத்தில் பார்க்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை வேலாயி வெடிப்பை மெழுகவில்லை. அதன் குறுக்கே உள்ளங்கை அளவுக்கு மட்டும் மண் பூசினாள். வெடிப்பே இல்லாத மூலையில் அதே கலவையால் அதே அளவில் இன்னொன்று பூசினாள். மூலையில் இருப்பது வெடித்தால் மண்ணின் குற்றம். அது நன்றாக இருந்து இது மட்டும் வெடித்தால் தரை நகர்கிறது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாகலெட்சுமியின் வாயை அடைக்க ஒரு சாட்சி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆறு நாள் கழித்து மூலைப் பூச்சு அப்படியே இருந்தது. வெடிப்பின் மேல் பூசியது நகம் போகிற அளவுக்குப் பிளந்திருந்தது.

ஆண்டியப்பன் தேயிலைக்குள் கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் குறுக்கே ஓடிப் போக வெட்டும் வாய்க்கால்தான் கான். அவர் அதிகம் பேசமாட்டார். மனைவி காட்டிய பூச்சைக் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "மேல ரோட்டுலயும் இருக்கு," என்றார்.

"என்ன இருக்கு?"

"மூணாவது வளைவுல ரோடு வெடிச்சிருக்கு. அருவா மாதிரி வளைஞ்சு, ரெண்டு நுனியும் கீழ பாத்து இறங்குது. ரோட்டு ஆளுங்க கல்லும் மண்ணும் போட்டு மூடுனாங்க. திரும்ப இறங்கிருச்சு. திரும்ப மூடுனாங்க."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ரோடுதான புள்ள. ஒனக்கு என்ன ரோட்டுல?" அவர் விரலால் வெடிப்பைத் தடவினார். "நம்ம தலைக்கு மேல இருக்கிற கான்ல, இந்தப் பக்கம் விட்ட தண்ணி அந்தப் பக்கம் வர்றதில்ல. நடுவுல குடிச்சிருது. நான் புல்லுக்கட்டி வச்சு அடைச்சேன். நாலு தடவ அடைச்சேன்."

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே ரோட்டுக்காரர்கள் மூடினார்கள், நடுவில் அவர் அடைத்தார், கீழே அவள் மெழுகினாள். மலை மூன்று இடத்தில் காட்டியதை மூன்று பேரும் தங்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்து அழித்திருந்தார்கள். சோம்பேறிகளாக இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

மறுநாள் இருவரும் கண்டாக்கு மத்தியாஸிடம் போனார்கள். பிரிவின் வேலையெல்லாம் அவர் பொறுப்பு. கெட்ட மனிதரல்ல, தலைக்கு மேலே துரை இருக்கிறார் என்பதை ஒரு நிமிடமும் மறக்காதவர்.

"சுவரு வெடிச்சா மேசன் வருவான், வேலாயி. அதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் வேலய விட்டுட்டு வந்தீங்க?"

"சுவரு இல்லீங்க ஐயா. மலை."

"மலைக்கு மேசன் இல்ல," என்று சொல்லி அவரே சிரித்தார்.

மேசன் வந்தார். ஐந்து காம்பராக்களிலும் வெடிப்பை சிமெந்தால் அடைத்து, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டுப் போனார். நாகலெட்சுமிக்கு ஒரே சந்தோஷம். "இனி ஒங்கக்கா கண்ணுல வெளக்கெண்ண ஊத்தித் தேடினாலும் வெடிப்பு கெடைக்காது," என்று பூரணியிடம் சொன்னாள்.

"அது எங்க அம்மா, சித்தி. ஒங்களுக்குத்தான் அக்கா," என்றாள் பூரணி.

வேலாயி அந்த சிமெந்துக்கு மேலேயும் குறுக்கே மண் பூசி வைத்தாள்.

ஆனி பிறந்ததும் மழை பிடித்தது. அந்த மழையில்தான் பூரணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் சிமெந்து பிளந்தது. வேலாயி பூச்சு பூசிக்கொண்டே இருந்தாள். முதலில் ஆறு நாளில் பிளந்தது, பிறகு மூன்று நாளில், பிறகு ஒன்றரை நாளில். மழை அளக்கும் குப்பி, தேயிலை அரைக்கும் ஸ்டோரு வாசலில் இருந்தது. புதன்கிழமைக் காலை அதில் ஆறு அங்குலம் இருந்ததாக டீமேக்கர் சொன்னார். அதற்கு முந்திய நாள் நாலு.

வியாழக்கிழமை விடியும்போது வேலாயியின் கதவு திறக்கவில்லை. ஆண்டியப்பன் தோளால் இடித்துத் திறந்தார். நிலை கோணியிருந்தது. நேற்று மாலை பூசிய மண் பிளந்துவிட்டது. வாசற்படிக்கு அடியிலிருந்து, இதுவரை தண்ணீரே இல்லாத இடத்திலிருந்து, செந்தண்ணீர் ஊறி வந்தது. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். அத்தனை மழைக்கும் பீலி கொட்டியிருக்க வேண்டும். விரல் பருமனில் சேறாக ஒழுகிக்கொண்டிருந்தது. முற்றத்துக் கல்லுக்கட்டு, சூல்கொண்ட ஆட்டின் வயிறு மாதிரி வெளியே தள்ளியிருந்தது. மரக்கறிப் பாத்தி ஓரத்தில் நின்ற இரண்டு சவுக்கு மரங்கள் லயத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

இத்தனையும் ஒரே காலையில். வேலாயி வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

"போயிரணும்," என்றாள். "இன்னிக்கே."

சொல்வது எளிது. லயத்துக் காம்பரா யாருக்கும் சொந்தமில்லை. துரை சொல்லாமல் விட்டுப் போனால் விட்டதுதான் என்று எல்லாரும் நம்பினார்கள். நாட்டில் ஓட்டுமில்லை, பிரஜையென்ற சீட்டுமில்லை; கையில் இருந்தது அந்தப் பன்னிரண்டடி இடம் மட்டும். மழைக்கு ஓடிப்போனவன் என்று பேர் வந்தால் வேறு தோட்டத்தில் நுழைய முடியாது. பள்ளத்தில் இருப்பவனுக்கு மேடு எங்கே என்று தெரியாமலில்லை. ஏறிப் போனவனுக்கு மேட்டில் இடம் தருவார்களா என்பதுதான் அவன் கேள்வி.

பெரட்டுக் களத்தில் கண்டாக்கு அன்றைய வேலைக்குப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலாயி கூடை இல்லாமல் வந்து நின்றாள்.

"கூடை எங்க?"

"கீழ் லயம் இன்னிக்குக் கொழுந்துக்கு வராதுங்க. வீட்டக் காலி பண்றோம்."

களம் சிரித்தது. யாரோ, "எந்த பங்களாவுக்கு?" என்று கேட்டார்கள்.

"வேலைக்கு வராதவங்களுக்கு இன்னிக்குப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல," என்றார் மத்தியாஸ்.

"பேர் வேணாம். நீங்க வந்து பாருங்க. பாத்துட்டு, இதுல இருங்கன்னு ஒங்க வாயால சொல்லுங்க. நான் ஒரு பேச்சும் பேசாம ரெண்டு கூடை தூக்கிட்டுப் போறேன்."

அவள் ஒரு பேச்சும் பேசாமல் இருப்பாள் என்பதை நம்பியோ என்னவோ, மத்தியாஸ் குடையை விரித்துக்கொண்டு வந்தார். ஆறாம் காம்பராவுக்குள் குனிந்து நின்றார். மூன்று வாரத்துக்கு முன்பு தீக்குச்சி போகாதபடி மேசன் அடைத்த இடம் அது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து வெடிப்பில் விட்டுப் பார்த்தார். பென்சில் கையைவிட்டு நழுவி உள்ளே போனது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "தொரை நுவரெலியா போயிருக்காரு. நாளைக்குத்தான் வருவாரு," என்றார். பிறகு, "அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். கெளம்புங்க எல்லாரும்," என்றார். பதினெட்டு வருடத்தில் துரையைக் கேளாமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

எங்கே போவது என்பதில் சண்டை வந்தது. நாகலெட்சுமி கோயிலுக்குப் போகலாம் என்றாள். "ஆத்தா மண்டபத்துல இருந்தா ஆத்தா பாத்துக்குவா."

"ஆத்தா கோயிலு நம்மளுக்குக் கீழ இருக்கு. வர்ற மண்ணு கீழதான் வரும்."

"அப்ப மேல ரோட்டுக்குப் போவோம்."

"ரோடுதான் முதல்ல வெடிச்சது. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. பக்கவாட்டுல போகணும். பிள்ளைக்காம்பராவுக்கு."

வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா, லயத்தின் கடைசிக் காம்பராவைத் தாண்டிக் கால் மைல் தள்ளி, ஒரு பாறை முதுகின் மேல் இருந்தது. அங்கே கான் வெட்டப் போனால் மண்வெட்டி முனைதான் முறியும் என்று ஆண்டியப்பன் சொன்னார். கோயிலுக்குப் போகக்கூடாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பூரணி பிள்ளை பெற்றுப் பத்து நாள். தீட்டுக் கழியாமல் அவள் மண்டபத்தில் ஏற முடியாது.

அவளோ எழுந்திருக்கவே கூடாது என்றாள் மாமியார் அம்மாக்கண்ணு. "பதினாறு கழியாத பச்சை ஒடம்புக்காரிய மழையில இறக்குவியா? சன்னி கண்டா யாரு பொறுப்பு?"

"நனையாமப் போவா."

"எப்படி?"

வேலாயி மருமகனைப் பார்த்தாள். அழகன் குனிந்தான். பூரணியை முதுகில் ஏற்றி, மேலே இரண்டு கம்பளியும் கொழுந்துச் சாக்கும் போட்டு, கயிற்றால் கட்டினார்கள். குழந்தையை அம்மாக்கண்ணு மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அழகன் சறுக்கும் பாதையில் போனபோது, அந்த மழையிலும் ஒருவன், "கல்யாணத்தன்னிக்கு இப்படித் தூக்கியிருந்தா ஊரே பாத்திருக்கும் மாப்ள!" என்றான். கம்பளிக்குள்ளிருந்து பூரணி, "அன்னிக்கு இவருக்குத் தெம்பு இல்ல!" என்று குரல் கொடுத்தாள். அன்றைக்கு முதல்முதலாக எல்லாரும் சிரித்தார்கள்.

ஆண்டியப்பன் அவர்களோடு போகவில்லை. சுற்றுப் பாதையால் ரோட்டுக்கு ஏறி, மூன்றாவது வளைவுக்கு இரண்டு பக்கமும் ரோட்டோரத்துச் சவுக்குக் கிளைகளை வெட்டிக் குறுக்கே போட்டார். கொழுந்து லொறி வந்து நின்றது. டிரைவர் சூசைரட்ணம் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, கொழுந்து வாடினா தொரை என்னயத்தான் வாட்டுவாரு. கெளைய எடுங்க."

"எறங்கி வந்து பாரு, தம்பி."

சூசைரட்ணம் இறங்கி வந்தார். மூடிய கல்லும் மண்ணும் உள்ளே போய், ரோட்டின் வெளிப்பாதி உட்பாதியைவிட ஒரு சாண் தாழ்ந்து நின்றது. ஓரத்து மைல்கல் அளவுக்கான பாறை ஒன்று அவர் பார்த்திருக்கவே கழன்று கீழே உருண்டது. அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, லொறியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

பிள்ளைக்காம்பராவில் அறுபத்தொரு பேர். ஆடு ஏழு, வேலாயியின் பசு ஒன்று. வெள்ளி முழுவதும் மழை. லயம் அப்படியே நின்றது. சனிக்கிழமை காலை மழை விட்டு, வெயில் அடித்தது. வானம் கழுவிய தட்டு மாதிரி இருந்தது.

அதுதான் சோதனை. மழையில் யாரையும் நகர்த்தலாம். வெயிலில் நிறுத்தி வைப்பது கஷ்டம்.

"லயம் நிக்குது பாரு, கல்லு மாதிரி," என்றாள் நாகலெட்சுமி. "ரெண்டு நாளா அடுத்தவ புள்ள மூத்திரத்துல படுத்துக் கெடக்கோம். எதுக்கு? இவ மண்ணப் பூசி வச்சு வெளையாடுனதுக்கு!"

"அரிசி அங்க இருக்கு," என்றான் ஒருவன். "வேட்டி சேலை நனைஞ்சு கெடக்கு. போயி எடுத்துட்டாவது வந்திருவோம்."

"மழை வெளியதான் நின்னிருக்கு," என்றாள் வேலாயி. "ரெண்டு வாரமா மண்ணு குடிச்ச தண்ணி உள்ள நிக்கல. பீலியப் பாருங்க, இன்னும் செவப்பு. தண்ணி தெளியணும், வெடிப்பு நிக்கணும். அதுவரைக்கும் யாரும் போகக்கூடாது."

"ஒனக்கு யாரு சொன்னா? கனவுல ஆத்தா வந்தாளா?"

"ஆத்தா வரல. கூரையப் பாரு."

பாறை முதுகிலிருந்து பார்த்தால் லயத்துக் கூரையின் உச்சிக் கோடு நேராகத் தெரியும். ஆண்டியப்பன் காலையில் ஒரு கம்பைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்து அதைப் பார்த்திருந்தார். இப்போது மறுபடி பிடித்துப் பார்த்தார். ஒவ்வொருவராக வந்து பிடித்துப் பார்த்தார்கள். காலையில் கம்போடு ஒட்டி நின்ற கோடு, ஆறாம் ஏழாம் காம்பராவுக்கு நேரே தொய்ந்திருந்தது. நாகலெட்சுமி மட்டும் பார்க்க மறுத்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நடந்தாள். அவளைப் பார்த்து நாலைந்து ஆண்களும் கிளம்பினார்கள்.

பாதை ஓரிடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகும். வேலாயி ஓடிப்போய் அங்கே குறுக்கே உட்கார்ந்தாள்.

"வழிய விடுக்கா."

"என்னைய மிதிச்சுட்டுப் போ."

"மிதிப்பேன்."

"மிதி. ஆனா நீ மிதிக்கணும். பின்னால நிக்கிறவன் யாரும் மிதிக்கக்கூடாது. எனக்கும் ஒனக்கும்தான் சண்ட."

நாகலெட்சுமி காலைத் தூக்கினாள். தூக்கிய கால் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. எட்டு வருடச் சண்டையில் இருவரும் ஒருவரையொருவர் தொட்டதில்லை. அவள் காலைக் கீழே வைத்துவிட்டு, வேலாயிக்கு எதிரே சேற்றிலேயே உட்கார்ந்து வையத் தொடங்கினாள். வேலாயியின் மூன்று தலைமுறையையும் வரிசையாக வைதாள். வேலாயி பதிலுக்கு வைதாள். பின்னால் நின்ற ஆண்கள் வேடிக்கை பார்த்தார்கள். நல்ல வேடிக்கை, அதில் அரை மணி நேரம் போனது. ஸ்டோரில் பத்தரை மணிச் சங்கு ஊதியது.

சங்கு ஓய்ந்ததும் மேலே சவுக்கு வேர்கள் படபடவென்று அறுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். ரோட்டின் மூன்றாவது வளைவு முதலில் மெதுவாக, யாரோ பாயைச் சுருட்டி இழுப்பது போல, கீழே இறங்கியது. அதன் பிறகு மெதுவாக எதுவும் நடக்கவில்லை. தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே வந்தன. லயம் நடுவில் மடிந்தது. தகரங்கள் ஒருமுறை வெயிலில் பளிச்சென்று மின்னின. கல்லுக்கட்டு, பாத்திகள், பீலி, எல்லாம் சேர்ந்து சேறாகி ஓடையில் பாய்ந்து கோயில் மண்டபத்தை நிரப்பின. பாறை முதுகு நடுங்கியது, ஆனால் நின்றது. மூன்று நிமிடம் ஆகியிருக்காது. பிறகு கற்கள் மட்டும் ஒன்றிரண்டாக உருண்டுகொண்டிருந்தன.

பிள்ளைக்காம்பராவுக்குள் பூரணியின் குழந்தை பசிக்கு அழுதது. அந்த அழுகைதான் அவர்களை உசுப்பியது. தாய்மார் பெயர் சொல்லிக் கத்தினார்கள்; ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் பதில் வந்தது. மத்தியாஸ் பெரட்டுக் களத்திலிருந்து தலைப்பாகை இல்லாமல் ஓடி வந்து எண்ணினார். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை அறுபத்தொன்று என்றார். ஒரு ஆடுகூடக் குறையவில்லை. யாரோ தப்புப் பறையை எடுத்து அடித்தார்கள். ஆண்கள் சேற்றில் ஆடினார்கள். எல்லாம் போன மனிதர்கள் அப்படி ஆடியதை மேல் லயத்துக்காரர்கள் வந்து வாய் பிளந்து பார்த்தார்கள்.

நாகலெட்சுமி இன்னும் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். "பாவி," என்றாள் வேலாயியைப் பார்த்து. "வைய விட்டே என் உசிரக் காப்பாத்திட்டியே. இனிமே ஒன்ன நான் எப்படி வைவேன்?"

"அதெல்லாம் வைவ," என்றாள் வேலாயி. "எந்திரி."

கதை இங்கே முடிந்திருந்தால் அதிர்ஷ்டம் என்றும் சொல்லிவிடலாம். பிளந்த மண்ணைப் பார்த்துப் பயந்தவள் ஒருத்தி, அவள் பயம் பலித்துவிட்டது, அவ்வளவே. வேலாயியைப் பாராட்ட வேண்டுமென்றால் அதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் பாராட்ட வேண்டும்.

ஆடி மாதம் துரை புதிய லயத்துக்கு இடம் பார்த்து முளையடித்தார். ஸ்டோருக்குப் பக்கத்தில், கிண்ணம் மாதிரிக் குழிந்த ஒரு சமதளம். வெட்டாமல் கட்டலாம், பக்கத்திலேயே தண்ணீர். கீழ் லயத்து ஜனங்களை வரச்சொல்லிக் காட்டினார். அவர்கள் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

ஆண்டியப்பன் அந்த இடத்தைச் சுற்றி வந்தார். மேற்புறத்து மரங்களின் அடியைத் தொட்டுப் பார்த்தார். எல்லா அடிமரங்களும் முழங்கை மாதிரி வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தன. அவர் மனைவியின் காதில் ஏதோ சொன்னார்.

"தொரை, இந்த எடம் வேணாங்க," என்றாள் வேலாயி.

மத்தியாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன்?" என்றார் துரை தமிழிலேயே. "நல்ல எடம். தண்ணி இருக்கு."

"தண்ணி இருக்கிறதுதாங்க கேடு. வெயில் காலத்துலயும் கால் பொதையுது. மரமெல்லாம் வளைஞ்சு நிக்குது. மண்ணு ஊர்ந்து ஊர்ந்து அதத் தள்ளியிருக்கு. இந்தக் குழி எப்படி வந்துச்சு? எங்க லயம் போன எடம் இப்ப இப்படித்தாங்க இருக்கு. இது ஏற்கெனவே ஒரு தடவ எறங்கின எடம்."

துரை மத்தியாஸைப் பார்த்தார். முன்பென்றால் மத்தியாஸ் வேலாயியை அதட்டியிருப்பார். "அவ சொல்றது சரிங்க சார்," என்றார் அவர்.

"வேற எங்க?"

வேலாயி பாறை முதுகைக் காட்டினாள். அங்கே தண்ணீரைக் குழாய் வைத்துக் கொண்டுவர வேண்டும், பாறையை உடைத்துத்தான் அத்திவாரம் போட வேண்டும், செலவு அதிகம் என்றார் துரை. வேலாயி வாதாடவில்லை. குனிந்து, பக்கத்தில் அடித்திருந்த முளையை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டாள். நாகலெட்சுமி அடுத்த முளையைப் பிடுங்கினாள். அம்மாக்கண்ணு ஒன்றைப் பிடுங்கினாள். குழந்தையை இடுப்பில் வைத்தபடியே பூரணி ஒன்றைப் பிடுங்கினாள். பன்னிரண்டு காம்பராவின் பெண்களும் ஆளுக்கொரு முளையோடு வரிசையாக மேட்டில் ஏறினார்கள். துரை அதட்டவில்லை. அதட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அறுபத்தொரு பேரைப் புதைத்திருக்க வேண்டிய தோட்டத்தின் துரை அவர், தோன்றாமல் இருந்திருக்காது.

மேட்டில் ஆண்டியப்பன் காலால் தட்டித் தட்டி இடம் காட்டினார். வேலாயி கல்லை எடுத்து முதல் முளையை அடித்தாள். இரண்டு முளைக்கு நடுவே இடைவெளி போதாதென்று நாகலெட்சுமி சண்டை பிடித்தாள். மத்தியாஸ் நாடாவை விரித்து அளந்து, நாகலெட்சுமி சொன்னது சரி என்றார். முளைகளெல்லாம் நின்று முடிந்தபோது துரை மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார். சுற்றிலும் பார்த்தார். எதிரே சரிவில் சிவப்பாகக் கிடந்த பெரிய வடுவைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, "சரி," என்றார்.